டாங்கியில தண்ணி ஏறின கணக்கு: அந்த C-ஐ எந்த வரியில போடுறது?

போன கிழமை இரவு பத்தரை மணி இருக்கும், சித்தியின்ர மகன் வட்ஸப்பில ஒரு போட்டோ அனுப்பினான், கீழ ஒரே ஒரு வரி, "அண்ணா இதில எங்க பிழை?" எண்டு. முதல் வருஷ எஞ்சினியரிங் நோட்ஸ் பக்கம் ஒண்டு, அடியில ஓட்டை இருக்கிற தண்ணி டாங்கி எப்பிடிக் காலியாகுது எண்ட கணக்கு. லெக்சர் முடிஞ்சு எல்லாரும் எழும்பிற அவசரத்தில பக்கத்துப் பெடியன்ர கொப்பியைப் போட்டோ எடுத்திருக்கிறான், அதால பக்கம் சரிஞ்சு, நடுவில டியூப் லைட் வெளிச்சம் வெள்ளையா அடிச்சு, வலப்பக்க ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டுப்பட்டுப் போச்சு. அந்த ஒரு விரல் அகலத்துக்குள்ளதான் முழுக் கதையும் கிடந்தது.

போட்டோவில தெரிஞ்சது இவ்வளவுதான்:

```
dh/dt = -0.08 √h ,   h(0) = 1.44
∫ h^(-1/2) dh = ∫ -0.08 dt
2√h = -0.08 t
```

இதுக்குப் பிறகு அவன் தானா செஞ்சது இது. ரெண்டால வகுத்து √h = -0.04t எண்டு எடுத்து, வர்க்கிச்சு h = 0.0016t² எண்டு எழுதி, பிறகு மேல பாத்தா h(0) = 1.44 எண்டு கிடக்கு, ஓ அதையும் சேக்கோணுமே எண்டு கடைசியில 1.44-ஐக் கூட்டி விட்டிருக்கிறான்:

```
h = 0.0016 t² + 1.44
```

t = 0 போட்டா 1.44 வருது, அதால தன்ர விடை சரியெண்டுதான் அவன்ர வாதம். நான் சொன்னன், சரிடா, பத்து நிமிஷம் கழிச்சு எவ்வளவு தண்ணி எண்டு பார். போட்டான். 0.16 கூட்டல் 1.44, 1.60 மீற்றர். அடியில ஓட்டை இருக்கிற டாங்கியில பத்து நிமிஷத்தில பதினாறு சென்டிமீற்றர் தண்ணி ஏறியிருக்கு. இப்பிடி ஒரு டாங்கி வெள்ளவத்தையில ஒரு பிளட்டுக்கு மேல இருந்தா தண்ணி பில் கட்டுற வேலையே இல்ல.

சரி, முதல்ல இருந்து வருவம். ஏ லெவல்ல தமிழ் மீடியத்தில "வகையீட்டுச் சமன்பாடு" எண்டு படிச்சிட்டுப் போற பிள்ளையள் கம்பஸ்ல டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் எண்டு கேட்ட உடன ஏதோ புதுச் சாமான் எண்டு நினைக்குதுகள், ரெண்டும் ஒண்டுதான்.

கணக்கு என்ன சொல்லுது? மொட்டை மாடியில ஒரு டாங்கி, அடிப்பரப்பு ஒரு சதுர மீற்றர், அதுக்குள்ள 1.44 மீற்றர் உயரத்துக்குத் தண்ணி, அதாவது 1440 லீற்றர். கீழ ஒரு இஞ்சி அகல ஓட்டை. திறந்து விடுறம். h எண்டுறது தண்ணியின்ர உயரம், t எண்டுறது நிமிஷம். dh/dt எண்டா இந்தக் கணத்தில உயரம் நிமிஷத்துக்கு எத்தனை மீற்றர் மாறுது எண்டது. குறி மைனஸ், ஏனெண்டா உயரம் குறையுது.

√h எங்க இருந்து வந்தது எண்டா, ஓட்டையால வெளிய வாற தண்ணியின்ர வேகம் √(2gh), இதை 1640களில இத்தாலிக்காரர் டொரிசெல்லி சொன்னவர். மேல தண்ணி கூட இருந்தா அழுத்தம் கூட, பாய்ச்சல் கூட. நாலு மடங்கு உயரம் இருந்தா ரெண்டு மடங்கு வேகம். 0.08 எண்டுறதும் சும்மா வானத்தால விழேல்ல: ஓட்டைப் பரப்பு ஏறக்குறைய 5 சதுர சென்டிமீற்றர், ஓட்டையைக் கடக்கேக்க தண்ணித் தாரை ஒடுங்கிறதால அதில 0.6 பங்குதான் கணக்கு, அதை டாங்கியின்ர பரப்பால வகுத்து √(2 × 9.81) ஆல பெருக்கி, செக்கனை நிமிஷமாக்க 60 ஆல பெருக்கினா 0.0797 வரும், அதை 0.08 எண்டு எடுத்திருக்கினம்.

இப்ப தொடக்கத்தில எவ்வளவு வேகமா இறங்குது? √1.44 = 1.2, அதை 0.08 ஆல பெருக்கினா 0.096, அதாவது முதல் நிமிஷங்களில நிமிஷத்துக்கு ஒம்பதரைச் சென்டிமீற்றர் மட்டில. இதே வேகத்தில போனா பதினைஞ்சு நிமிஷத்தில டாங்கி காலி. ஆனா இதே வேகத்தில போகாது, தண்ணி குறையக் குறைய வேகமும் குறையும், வேகம் குறைய தண்ணி இன்னும் மெதுவாக் குறையும். பிரச்சினை இதுதான்: வேகம் தெரிய உயரம் வேணும், உயரம் தெரிய வேகம் வேணும். வாலை வாயால பிடிச்ச பாம்பு மாதிரி. அதை அவிழ்க்கிறதுக்குத்தான் செப்பரபிள் எண்ட முறை.

செப்பரபிள் எண்டா பிரிக்கக்கூடியது, அவ்வளவுதான். வலப்பக்கத்தில இருக்கிறதை "h மட்டும் இருக்கிற துண்டு" பெருக்கல் "t மட்டும் இருக்கிற துண்டு" எண்டு எழுத ஏலுமெண்டா அது பிரிபடும். எங்கட கணக்கில √h ஒரு துண்டு, -0.08 மற்றத் துண்டு, அதில t-யே இல்ல, அதுவும் பரவாயில்ல. பெருக்கலா இருக்கோணும் எண்டது முக்கியம். மேல ஒரு பைப்பால தண்ணி வருது, அதுவும் நேரத்துக்கு நேரம் மாறி வருது எண்டு வைங்கோ, அப்ப dh/dt = t - 0.08√h மாதிரி ஒண்டு வரும், அது கழித்தல், எப்பிடிக் குத்துக்கரணம் அடிச்சாலும் h ஒரு பக்கம் t ஒரு பக்கம் எண்டு நிக்காது, அதுக்கு வேற வழி. ஆனா வாற தண்ணி மாறாம ஒரே அளவில வந்தா, q - 0.08√h எண்டு முழுசா h-இன்ர துண்டா எடுக்கலாம், பிரிபடும், தொகையிடுறது மட்டும் கொஞ்சம் கரைச்சல்.

எங்கட கணக்கை √h ஆல வகுப்பம்:

```
(1/√h) dh/dt = -0.08
```

இந்த இடத்தில எல்லாரும் dt-யைத் தூக்கி மற்றப் பக்கம் போட்டு ரெண்டு பக்கமும் ∫ போடுவினம். செய்யலாம், விடை சரியா வரும், ஆனா அதில என்ன நடக்குது எண்டு விளங்காட்டி C ஏன் வருது எண்டதும் விளங்காது, பிறகு C-ஐக் கண்ட இடத்தில ஒட்டத்தான் தோணும். அதால கொஞ்சம் நிண்டு பாப்பம். இடப்பக்கத்தை வடிவாப் பாருங்கோ. 2√h-ஐ t குறிச்சு வகையிட்டா என்ன வரும்? √h-ஐ வகையிட்டா 1/(2√h), ரெண்டால பெருக்க 1/√h, பிறகு சங்கிலி விதியால பக்கத்தில dh/dt. அதாவது இடப்பக்கம் முழுக்க ஒரே சாமான், 2√h மாறுற வேகம். அப்ப சமன்பாடு உண்மையில சொல்லுறது இது: 2√h எண்ட தொகை நிமிஷத்துக்கு 0.08 படி, கூடாம குறையாம, ஒரே சீரா இறங்குது.

எனக்கு இந்த முறையில இதுதான் ருசியான இடம். உயரம் சீரா இறங்கேல்ல, வேகம் மாறிக்கொண்டே இருக்கு, ஆனா உயரத்தை 2√h எண்ட கண்ணாடி போட்டுப் பாத்தா அது மணிக்கூட்டு முள்ளு மாதிரி ஒரே சீரா ஓடுது. மாறிகளைப் பிரிக்கிறது எண்டா, எந்தக் கண்ணாடியைப் போட்டா மாற்றம் சீராத் தெரியும் எண்டு தேடுறதுதான்.

இப்ப C-க்கு வாறன். வீட்டுக் கரண்ட் மீட்டரை யோசியுங்கோ. ஒரு நாளைக்கு 4 யூனிட் போகுது எண்டு தெரியும். பத்து நாளில மீட்டர் எத்தனை காட்டும்? 40 எண்டு சொன்னா பிழை. 40 கூடியிருக்கும், அது சரி, ஆனா மீட்டர்ல நிக்கிற இலக்கம் என்ன எண்டு தெரிய பத்து நாளைக்கு முதல் எத்தனை நிண்டது எண்டு தெரியோணும். வேகம் எப்பவும் வித்தியாசத்தைத்தான் சொல்லும், நிக்கிற இலக்கத்தைச் சொல்லாது. 2√h-உம் ஒரு மீட்டர்தான், இது கீழ இறங்கிற மீட்டர். நிமிஷத்துக்கு 0.08 குறையுது எண்டு மட்டும் தெரிஞ்சா t நிமிஷத்தில 0.08t குறைஞ்சிருக்கும் எண்டு சொல்லலாம், எதில இருந்து குறைஞ்சது? அந்த "எதில இருந்து" தான் C.

```
2√h = -0.08 t + C
```

புத்தகப் பாஷையில சொன்னா, மாறிலியை வகையிட்டா பூச்சியம், அதால பின்னுக்கு வரேக்க எந்த மாறிலி தொலைஞ்சது எண்டு தெரியாது, ஒரு C போட்டு இடம் பிடிச்சு வைக்கிறம். ரெண்டு பக்கமும் தொகையிடுறமே, ரெண்டு C வர வேணாமோ எண்டு தம்பி கேட்டான். வரும். இடப்பக்கம் C₁, வலப்பக்கம் C₂. C₁-ஐ வலப்பக்கம் கொண்டுபோனா C₂ - C₁, ரெண்டு தெரியாத மாறிலியின்ர வித்தியாசமும் தெரியாத ஒரு மாறிலிதான், அதுக்கு C எண்டு பேர் வச்சுப் போட்டு நடையைக் கட்டுறம்.

C-க்குப் பூச்சியத்தை விடக் கூடின என்ன பெறுமானம் வேணுமெண்டாலும் போடலாம், எல்லாம் சமன்பாட்டைத் திருப்திப்படுத்தும், ஒவ்வொண்டும் ஒவ்வொரு தொடக்கத்தோட திறந்து விட்ட ஒரு டாங்கி. எங்கட டாங்கி எது எண்டு சொல்லுறதுதான் இனிஷியல் கண்டிஷன், தமிழ்ல தொடக்க நிபந்தனை. h(0) = 1.44. இதை h பெருக்கல் 0 எண்டு வாசிச்ச ஆக்களையும் கண்டிருக்கிறன், சிரிக்காதேங்கோ, அடைப்புக்குறி எண்டா பெருக்கல் எண்டு பன்ரெண்டு வருஷம் பழகின கண்தானே. அது "t பூச்சியமா இருக்கேக்க h 1.44" எண்டது. அப்பிடியே போடுவம்:

```
2√1.44 = -0.08 × 0 + C
C = 2.4
```

மீட்டர் தொடக்கத்தில 2.4-இல நிண்டது. நிமிஷத்துக்கு 0.08 இறங்குது. எத்தனை நிமிஷத்தில பூச்சியம்? 2.4 / 0.08 = 30. இன்னும் h-ஐக் கூட கண்டுபிடிக்கேல்ல, டாங்கி முப்பது நிமிஷத்தில காலி எண்டு அதுக்குள்ள தெரிஞ்சு போச்சு, தொடக்க வேகத்தில ஓடினா எடுக்கிற பதினைஞ்சு நிமிஷத்தின்ர சரியா ரெண்டு மடங்கு. h வேணுமெண்டா ரெண்டால வகுத்து வர்க்கிக்கலாம்:

```
√h = 1.2 - 0.04 t
h = (1.2 - 0.04 t)²
```

பத்து நிமிஷத்தில 0.8-இன்ர வர்க்கம், 0.64 மீற்றர். பதினைஞ்சில 0.6-இன்ர வர்க்கம், 0.36. நேரத்தில அரைவாசிதான் போயிருக்கு, தண்ணியில முக்கால்வாசி போச்சு, மிச்சக் கால்வாசி இறங்கத்தான் அடுத்த பதினைஞ்சு நிமிஷம். டாங்கி கழுவ எண்டு திறந்து விட்டுட்டுப் பாத்துக்கொண்டு நிண்ட ஆருக்கும் இது தெரியும், கடைசிச் சாணுக்குத்தான் உயிர் போகும்.

இப்ப தம்பியின்ர விடைக்குத் திரும்புவம். அவன் 1.44-ஐச் சேத்தான்தானே, நான் 2.4-ஐச் சேத்தன், என்ன பெரிய வித்தியாசம்? இலக்கம் இல்ல பிரச்சினை, எந்த வரியில சேத்தது எண்டதுதான். C பிறக்கிறது தொகையிடுற வரியில, ∫ குறி போற அதே மூச்சில. அதுக்குப் பிறகு நாங்க அந்த வரியை என்ன செய்தாலும், ரெண்டால வகுத்தா, வர்க்கிச்சா, C-யும் சேந்து வகுபடும், சேந்து வர்க்கிபடும். என்ர விடையை விரிச்சுப் பாருங்கோ, 1.44 - 0.096t + 0.0016t². அவன்ர விடையில இருந்த 1.44-உம் 0.0016t²-உம் இதிலயும் இருக்கு. நடுவில இருக்கிற -0.096t மட்டும் அவனிட்ட இல்ல, அது C-யும் t-யும் சேந்து வர்க்கிபட்டதால வந்த குறுக்குப் பெருக்கம், தண்ணி கீழ இறங்கிறதே அந்த உறுப்பாலதான். C-ஐ வர்க்கிச்ச பிறகு ஒட்டினா அந்த உறுப்பு பிறக்கவே பிறக்காது.

அவன்ர வழியில ஒரு எச்சரிக்கை மணி முன்னுக்கே அடிச்சது, அவன் கேக்கேல்ல. √h = -0.04t எண்ட வரி. வர்க்கமூலம் மறையா வராது, t கூடக் கூட வலப்பக்கம் மறை. அந்த வரியிலயே ஏதோ தொலைஞ்சு போச்சு எண்டு நிண்டிருக்கோணும். வர்க்கிச்ச உடன மைனஸ் மறைஞ்சு போகும், பிழையும் அதோட சேந்து ஒளிச்சிடும்.

விடை வந்த பிறகு எப்பிடிச் சரி பாக்கிறது? தொடக்க நிபந்தனையை மட்டும் பாத்தா காணாது, அவன்ர விடையும் அந்தச் சோதனையில பாஸ். விடையை வகையிட்டு மூலச் சமன்பாட்டில போட்டுப் பாக்கோணும். அவன்ர விடையை வகையிட்டா 0.0032t, பத்தாவது நிமிஷத்தில +0.032. சமன்பாட்டின்ர வலப்பக்கம் -0.08 × √1.60, ஏறக்குறைய -0.101. குறி கூடப் பொருந்தேல்ல. என்ர விடையை வகையிட்டா -0.08(1.2 - 0.04t), அடைப்புக்குள்ள இருக்கிறதே √h, அப்பிடியே -0.08√h. ரெண்டு சோதனையும் வேணும்: ஒண்டு சமன்பாட்டுக்கு, ஒண்டு தொடக்கத்துக்கு. இதுக்கு ஒரு நிமிஷம்கூடப் போகாது.

போட்டோவைப் பெரிசாக்கிப் பாத்தா, மூண்டாவது வரி முடிவில, வெட்டுப்பட்ட ஓரத்தில, ஒரு சின்னக் குறுக்குக் கோட்டின்ர இடப்பாதி தெரிஞ்சது. + C-இன்ர கூட்டல் குறி. அந்தப் பெடியன்ர கையெழுத்தில t-யும் + உம் ஒரே மாதிரி வேற, அதால அவன் அதை t-யின்ர வால் எண்டு நினைச்சிருக்கிறான். இன்னொரு இடமும் கவனிச்சன், h^(-1/2)-இல இருக்கிற மைனஸ் டியூப் லைட் வெளிச்சத்தில அரைவாசி கரைஞ்சு போயிருந்தது, அதை h^(1/2) எண்டு வாசிச்சிருந்தா தொகையிட்டு (2/3)h^(3/2) எண்டு வந்து கணக்கு வேற ஊருக்குப் போயிருக்கும். போட்டோ நோட்ஸில படிக்கிற ஆக்கள் ஒரு வரியில இருந்து அடுத்த வரி உண்மையில வருதா எண்டு கையால செய்து பாத்தா, எந்தக் குறி தொலைஞ்சது எண்டு கணக்கே காட்டிக் குடுக்கும். 2√h-ஐ வகையிட்டா h^(-1/2) வருது, அப்ப மேல் வரியில மைனஸ் இருந்திருக்கத்தான் வேணும்.

அதே பக்கத்தின்ர கீழ் அரைவாசியில இன்னொரு கணக்கு, அதில அவன்ர கேள்வி வேற மாதிரி: "இதில C காணாமப் போய் A எண்டு ஒண்டு வந்திருக்கு, அது ஆர்?" தேத்தண்ணி ஆறுற கணக்கு. அறை வெப்பம் 30 பாகை, கொழும்பில அது நியாயம்தான். பிளேன்டீ 90 பாகையில இருக்கு. அறையை விட எவ்வளவு கூடச் சூடோ அதுக்கு விகிதசமனா ஆறும், dT/dt = -k(T - 30). பிரிச்சுத் தொகையிட்டா:

```
ln|T - 30| = -k t + C
T - 30 = e^(-kt + C) = e^C · e^(-kt)
T = 30 + A e^(-kt)
```

இங்கயும் அதே மீட்டர் கதைதான். ln(T - 30) எண்ட மீட்டர் நிமிஷத்துக்கு k படி சீரா இறங்குது, C அதின்ர தொடக்க இலக்கம், t = 0 போட்டா C = ln 60. பிறகு மடக்கையைக் கழட்டேக்க C அடுக்குக்குள்ள இருக்கிறதால கூட்டல் பெருக்கலாகுது, e^C ஒரு மாறிலிதானே, அதுக்கு A எண்டு புதுப் பேர், A = 60. டாங்கியில C வர்க்கிபட்டுது, இங்க அடுக்கில ஏறுது. அதால "கடைசியில + C" எண்டு பாடமாக்கின ஆக்கள் இங்கயும் மாட்டுவினம். T = 30 + e^(-kt) + C எண்டு எழுதி 90-ஐப் போட்டு C = 59 எண்டு எடுத்தா, எவ்வளவு நேரம் வச்சாலும் அந்த பிளேன்டீ 89 பாகைக்குக் கீழ இறங்காது.

k தெரியாட்டி இன்னொரு அளவு வேணும். அஞ்சு நிமிஷத்தில 75 பாகை எண்டு வைங்கோ. அறையை விடக் கூடச் சூடு 60-ஆ இருந்தது 45 ஆச்சு, அதாவது 0.75 மடங்கு. இன்னொரு அஞ்சு நிமிஷத்தில திரும்ப 0.75 மடங்கு, 33.75. அப்ப பத்தாவது நிமிஷத்தில 63.75 பாகை, குடிக்கலாம். k-ஐக் கண்டுபிடிக்கவே தேவைப்படேல்ல. தெரியாத மாறிலி C, k எண்டு ரெண்டு, குடுத்த அளவும் ரெண்டு. டாங்கிக் கணக்கில 0.08 முதலே தெரிஞ்சதால ஒரு நிபந்தனை போதும். கணக்கில எத்தனை தெரியாத மாறிலி எண்டு எண்ணிப் பாத்தா எத்தனை நிபந்தனை வேணும் எண்டு தெரியும்.

அந்த | | கோடு எதுக்கெண்டா, ஃபிரிட்ஜால எடுத்த 10 பாகைத் தண்ணி எண்டா T - 30 மறை, மறைக்கு மடக்கை இல்ல. அப்ப A = -20 எண்டு வரும், மிச்சம் எல்லாம் அதேதான்.

திரும்ப டாங்கிக்கு. நான் பதினொண்டரைக்குப் படுக்கப் போறன் எண்டேக்க தம்பி ஒரு கேள்வி கேட்டான், அது நல்ல கேள்வி. "அண்ணா உங்கட விடையில t = 40 போட்டா 0.16 வருது. காலியான டாங்கியில தண்ணி திரும்ப வந்திட்டு. உங்கட விடையிலயும் தண்ணி ஏறுதே!"

ஓம், ஏறுது. (1.2 - 1.6)² = 0.16. வர்க்கிச்சதால வந்த வினை. வர்க்கிக்க முதல் வரியில நிண்டு பாத்தா √h = -0.4, அப்பிடி ஒரு உயரம் இல்ல. அதால சூத்திரம் 30-ஆவது நிமிஷம் வரைக்கும்தான் செல்லுபடி, அதுக்குப் பிறகு h = 0 எண்டு தனியா எழுதோணும்:

```
h = (1.2 - 0.04 t)² ,  0 ≤ t ≤ 30
h = 0 ,                t > 30
```

அந்த h = 0 எங்க இருந்து வந்தது? மூலச் சமன்பாட்டில போட்டுப் பாருங்கோ: இடப்பக்கம் பூச்சியம், வலப்பக்கம் -0.08√0, அதுவும் பூச்சியம். காலி டாங்கி காலியாவே இருக்கும், அதுவும் ஒரு சரியான தீர்வு. ஆனா C-க்கு எந்தப் பெறுமானம் போட்டாலும் எங்கட சூத்திரம் எப்பவும் பூச்சியமா இருக்கிற இந்தத் தீர்வைத் தராது. ஏனெண்டா தொடக்கத்திலயே √h ஆல வகுத்தம், வகுக்கேக்க h பூச்சியமில்ல எண்டு சொல்லாமலே சொல்லிட்டம், அந்தத் தீர்வு அப்பவே கையை விட்டுப் போயிட்டுது. அதால எதால வகுக்கிறமோ அது பூச்சியமாகிற இடத்தை ஓரத்தில குறிச்சு வைக்கோணும், அந்தப் பக்கத்தில அந்தக் குறிப்பு இல்ல, அல்லது அதுவும் வெட்டுப்பட்ட ஓரத்தோட போச்சுதோ தெரியாது.

இதால இன்னொரு விசித்திரமும் வருது. 1.44-இல தொடங்கினா பிறகு நடக்கிற எல்லாம் ஒரே வழிதான், எந்த நிமிஷத்துக்கும் உயரம் சொல்லலாம். ஆனா திருப்பி யோசியுங்கோ. நீங்க ஒரு மணித்தியாலம் கழிச்சு மொட்டை மாடிக்கு ஏறினா டாங்கி காலி, h(60) = 0. இதை நிபந்தனையா வச்சு தொடக்கத்தில எவ்வளவு இருந்தது எண்டு கண்டுபிடிக்க ஏலுமோ? ஏலாது. 1.44-இல தொடங்கின டாங்கியும் அந்த நேரம் காலி, ஒரு மீற்றரில தொடங்கினது இருபத்தஞ்சு நிமிஷத்திலயே காலி, தொடக்கத்தில இருந்தே தண்ணி இல்லாத டாங்கியும் காலி, மூண்டும் அதே சமன்பாட்டுக்கும் அதே h(60) = 0-க்கும் சரி. அரை மீற்றர் தண்ணி நிக்கேக்க பாத்திருந்தா பின்னுக்கு எண்ணிச் சொல்லியிருக்கலாம்.

எங்கட பிளட்டில வாட்ச்சர் அங்கிள் போன மாசம் ஒரு நாள் விடிய மேல போட்டு வந்து "தம்பி, டாங்கி காலி, எத்தனை மணிக்கு முடிஞ்சிருக்கும்?" எண்டு கேட்டவர். இந்தக் கதையை அவருக்குச் சொல்லேல்ல, மோட்டரைப் போடுங்கோ அங்கிள் எண்டுதான் சொன்னனான்.